குளோரின் அறைப் பலகையின் கடைசி வரி

அச்சிமுகம்மதுவுக்கு வேடிக்கை பேசாமல் இருக்க வராது. பெண் பார்க்கப் போன இடத்திலேயே மாமனாரின் மீசையைப் பற்றி ஏதோ சொல்லி, கலியாணம் ஒரு வருடம் தள்ளிப்போனது. அப்படிப்பட்ட மனிதரிடம்தான் குளோரின் இயந்திரத்துக்கு இயக்கக் குறிப்பு எழுதும் வேலையைக் கொடுத்தார்கள்.

சம்மாந்துறைக்கு மேற்கே, வயல்களுக்கு நடுவில், வாய்க்காலோரமாக இருந்தது அந்த நீர் சுத்திகரிப்பு நிலையம். கரையோர ஊர்களுக்குத் தண்ணீர் அங்கிருந்துதான் போனது. அச்சிமுகம்மது அங்கே போமன், ஆட்களை வேலை வாங்கும் மேற்பார்வையாளர். எண்பதுகளின் தொடக்கத்தில் புது இயந்திரம் வந்தபோது கூடவே ஓர் ஆங்கிலப் புத்தகமும் வந்தது. நிலையத்துக்குப் பொறுப்பான பெரிய ஐயா அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “போமன், இதை நம்மட பொடியன்களுக்கு விளங்குற மாதிரித் தமிழில எழுதுங்க. லேசா எழுதணும். வாசிச்சா மறக்கப்படாது.”

மறக்கப்படாது என்ற சொல்லை அச்சிமுகம்மது இறுகப் பிடித்துக்கொண்டார். மனிதன் எதை மறப்பதில்லை? சிரித்ததை மறப்பதில்லை. அதுதான் அவருடைய கணக்கு.

எழுதியதைக் குளோரின் அறைக் கதவில் மாட்டும் பலகைக்கு ஏற்றுமுன் ஆட்களைக் கூட்டி வாசித்துக் காட்டினார். ஆட்கள் என்றால் இரண்டு பேர். ஒருவன் ஸலாஹுதீன், சாய்ந்தமருதுக்காரன், மோட்டார் சைக்கிள் வைத்திருப்பதால் தன்னைக் கொஞ்சம் உயரமாக நினைப்பவன். மற்றவன் வேலப்போடி, நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் தமிழ்க் கிராமத்தவன், பாதி நேரம் ஒப்பரேட்டர், பாதி நேரம் வயற்காரன்.

“உள்ளே போகுமுன் மின்விசிறியைப் போடு. விசிறி ஏன் தரையோடு இருக்கிறது என்று கேளாதே. குளோரின் காற்றைவிடக் கனம்; கீழேதான் படுக்கும். முகமூடி கதவுக்கு வெளியே தொங்கும்; அது சுவருக்கு அழகல்ல, உனக்கு.”

“நல்லாத்தான் இரிக்கி,” என்றான் ஸலாஹுதீன்.

“சிலிண்டர் மாற்றுவது இரண்டு பேர் வேலை. வால்வை மூடி, முள் பூச்சியத்துக்கு வந்த பிறகுதான் இணைப்பைக் கழற்று. இணைப்புக்குள் வைக்கும் ஈய வளையத்தை, அதுதான் வாசரை, ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடு. பழையது நசிந்த வாசர், நசிந்தது மறுபடி நிமிராது. புது வால்வைக் கொஞ்சம் திறந்து உடனே மூடு. அமோனியாவில் நனைத்த துணியை இணைப்புப் பக்கம் காட்டு. வெள்ளைப் புகை கிளம்பினால் கசிகிறது. மூக்கைக் காட்டாதே, மூக்கு உனக்கு இன்னொரு முறை கிடைக்காது.”

வேலப்போடி தொடையில் தட்டிச் சிரித்தான். அண்ணன் முறைக்கு அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவான். “காக்கா, இது ஏட்டுக் கதை மாதிரி இருக்கு!”

“கேளடா. கசியும் சிலிண்டருக்குத் தண்ணி ஊற்றாதே. நாம் தண்ணீர்த் தொழிற்சாலைதான், ஆனாலும் ஊற்றாதே. ஈரம் பட்டால் வாயு அமிலமாகி இரும்பைத் தின்னும், ஓட்டையைப் பெருக்கும். வால்வை மூட முடிந்தால் மூடு. முடியாவிட்டால் காற்றுக்கு எதிரே, மேட்டுப் பக்கமாய் ஓடு.”

இனிக் கடைசி வரி. புத்தகத்தில் அது நீளமாக இருந்தது. வாயுவை முகர்ந்தவன் ஒன்றுமில்லை என்று சொன்னாலும் நடக்க விடக்கூடாது. வேலை செய்ய விடக்கூடாது. மருத்துவரிடம் கொண்டுபோய் நெடுநேரம் கண்காணிக்க வேண்டும். ஏனென்றால் நுரையீரலில் நீர் கோப்பது பல மணி நேரம் கழித்தும் தொடங்கலாம். இவ்வளவையும் யார் வாசிப்பான்? அச்சிமுகம்மது சுருக்கினார்.

“குளோரினை முகர்ந்தவன் ‘எனக்கு ஒண்டுமில்ல’ என்பான். கலியாணத் தரகரை நம்பினாலும் நம்பு, இவனை நம்பாதே. தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போ.”

இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வெற்றி என்று அச்சிமுகம்மது நினைத்தார். மறக்கவும் இல்லை ஒருவரும். பலகை மாட்டிய அன்றிலிருந்து அது நிலையத்தின் வாய்ப்பாடாகிவிட்டது. ஒருவன் ஏப்பம் விட்டால், “நம்பாதே, தூக்கு ஆஸ்பத்திரிக்கு!” ஸலாஹுதீனுக்குப் பெண் பேசி முறிந்தபோது, “எனக்கு ஒண்டுமில்ல” என்றான் அவன், “நம்பாதே!” என்று கத்தினான் வேலப்போடி. பெரிய ஐயாகூட ஒருமுறை வாசித்துச் சிரித்துவிட்டுப் போனார். தான் எழுதியது ஊரில் பேசப்படுகிறது என்று அச்சிமுகம்மதுவுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் நெஞ்சு நிமிர்ந்தது. அவ்வளவு சிறிய நெஞ்சுதான்; நிமிர அதிக நேரம் எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் ஒரு வழக்கம் இருந்தது. ஜும்ஆத் தொழுகைக்கு அச்சிமுகம்மதுவும் ஸலாஹுதீனும் பள்ளிவாசலுக்குப் போய்விடுவார்கள். நிலையத்தை வேலப்போடி பார்த்துக்கொள்வான். கோயில் சடங்கு வந்தால் அவனுடைய முறையை இவர்கள் இருவரும் பங்கிட்டுக்கொள்வார்கள். எழுதாத ஒப்பந்தம், எழுதிய எதையும்விட ஒழுங்காக நடந்தது. சிலிண்டர் மாற்றுவது இரண்டு பேர் வேலை என்று பலகை சொல்லிக்கொண்டுதான் இருந்தது. வெள்ளிக்கிழமை மதியத்தில் அந்த வரியை எல்லாரும் மரியாதையாகக் கடந்து போனார்கள்.

மாசி முடிந்து, அறுத்துக் குவித்த கதிரை டிராக்டரால் மிதித்து நெல் பிரிக்கும் சூடடிப்பு நடக்கும் காலம். அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் வேலப்போடியின் நெற்களத்துக்கு, களவெட்டிக்கு, டிராக்டர் வருவதாக ஏற்பாடு. அதனால் காலையிலிருந்தே அவன் அவசரமாக இருந்தான். ஜும்ஆவுக்கு இவர்கள் போன கொஞ்ச நேரத்தில் சிலிண்டர் தீர்ந்தது. வேலப்போடி கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்துச் சோதனை மருந்துத் துளியை விட்டுப் பார்த்தான்; மஞ்சள் ஏறவில்லை. மருந்தில்லாத தண்ணீர் குழாய்க்குள் போய்க்கொண்டிருக்கிறது. கரையோர ஊர்களில் வயிற்றோட்டம் பரவியிருக்கிறது என்று அந்த வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார்கள். பள்ளிக்கு ஆள் அனுப்பிக் கூப்பிட்டிருக்கலாம். தொழுகிறவர்களைக் கூப்பிடுவதா என்று நினைத்திருப்பான். விசிறியைப் போட்டான், உள்ளே போனான், தனியாக மாற்றினான். புது வாசர் தேடக் கை போகவில்லை, நசிந்ததையே வைத்தான். அமோனியாத் துணியும் இல்லை. வால்வைத் திறந்தான்.

அச்சிமுகம்மதுவும் ஸலாஹுதீனும் திரும்பி வந்தபோது வாசலிலேயே மூக்கில் ஏறியது. வேலப்போடி புளிய மரத்தடியில் குந்தியிருந்து இருமிக்கொண்டிருந்தான். கண் இரண்டும் மிளகாய்ப்பழம்.

“என்னடா செஞ்சாய்?”

“வாசர், காக்கா... பழசு. சீறிப்போட்டுது. மூடிப்போட்டன். உடனே மூடிப்போட்டன்.” இருமினான். “பிறகு புதுசு போட்டுச் சரியாக்கிப்போட்டன். துணியும் காட்டினன். தண்ணிக்கு மருந்து போகுது.”

“முகமூடி?”

“ஆணியில.”

அச்சிமுகம்மது அவனை மரத்தில் சாய்த்து உட்கார வைத்தார். சட்டையைக் கழற்றச் சொன்னார், முகத்தைக் கழுவச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் இருமல் தணிந்தது. நெஞ்சு கொஞ்சம் எரியுது என்றான். பிறகு அதுவும் இல்லை என்றான். ஸலாஹுதீன் மோட்டார் சைக்கிளைத் திருப்பி நிறுத்தினான். “ஏறு மச்சான், ஆஸ்பத்திரிக்குப் போவம்.”

வேலப்போடி சிவந்த கண்ணோடு அவனைப் பார்த்தான். ஒரு பக்கமாக உதடு கோணியது. “எனக்கு ஒண்டுமில்ல,” என்றான் பலகையின் குரலில். “நம்பாதே!”

சிரிப்பு வெடித்தது. முதலில் சிரித்தது அச்சிமுகம்மதுதான். அந்தச் சிரிப்பில் பயம் கரைந்து போயிற்று. ஆள் பகிடி விடுகிறான். பகிடி விடுகிறவனுக்கு என்ன நோய் இருக்கப்போகிறது? அவர் எழுதிய வரிக்கும் அந்த மரத்தடிக்கும் சம்பந்தம் இருப்பதாக அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றவேயில்லை.

“டிராக்டர் வரும் காக்கா. இண்டைக்கு விட்டா இனி எப்பவோ. சூட்டை அடிச்சுப்போட்டு வாறன்.” சைக்கிளை உருட்டிக்கொண்டு போனான். வரம்புத் திருப்பத்தில் ஒருமுறை நின்று இருமியது கேட்டது.

மருந்தளவைச் சரிபார்த்துவிட்டு, அஸர் தொழுகைக்கு முன் அச்சிமுகம்மது குளோரின் அறைக் கதவைப் பூட்டப் போனார். கதவில் பலகை. எழுதிய கைக்கு வாசிக்கும் பழக்கம் இல்லை. ஆனாலும் கண் கடைசி வரியில் இறங்கியது. அதைச் சுருக்கும்போது அவர் வெட்டிப்போட்ட ஆங்கில வரி திடீரென்று மனதில் முழுசாக நிமிர்ந்து நின்றது. நடக்க விடக்கூடாது. வேலை செய்ய விடக்கூடாது.

“ஸலாஹுதீன்! மோட்டார் சைக்கிள எடு. ஓடு!”

களவெட்டியில் டிராக்டர் சுற்றிக்கொண்டிருந்தது. வேலப்போடி வைக்கோலை உதறிப் போட்டுக்கொண்டு நிற்பான் என்று நினைத்து வந்தார்கள். அவன் சூட்டுக் கதிர்க்குவியலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். உதடு நாவற்பழ நிறம். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் மேலே ஏறி இறங்கியது. தொண்டைக்குள் தண்ணீர் கொதிப்பது போல ஒரு சத்தம். அவனுடைய மனைவி சின்னப்பிள்ளை பக்கத்தில் நின்று ஓலையால் விசிறிக்கொண்டிருந்தாள். “களைச்சுப் போனாரு காக்கா. சொன்னாக் கேக்கல்ல.”

“படுக்கப் போடாதீங்க!” என்று கத்தினார் அச்சிமுகம்மது. “இருத்துங்க, நிமித்தி இருத்துங்க!”

டிராக்டரில் இழுவைப் பெட்டியைக் கொழுவி ஏற்றினார்கள். அச்சிமுகம்மது பின்னால் உட்கார்ந்து, அவன் முதுகைத் தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டார். பாதையின் ஒவ்வொரு பள்ளத்துக்கும் வேலப்போடியின் வாயில் இளஞ்சிவப்பு நுரை வந்தது. அவர் சாரத்தின் நுனியால் துடைத்தார். பள்ளிக்குப் போகக் கட்டிய வெள்ளைச் சாரம்.

“மூச்சு விடு, மகன். மெதுவா. கதைக்காத.”

அவன் கதைக்கத்தான் பார்த்தான். என்ன சொல்ல வந்தான் என்று தெரியவில்லை. பகிடியாக இருக்கக்கூடாது என்று அச்சிமுகம்மது வாய்க்குள் துஆ கேட்டார்.

ஆஸ்பத்திரியில் மூச்சுக்கு ஒட்சிசன் வைத்தார்கள். டாக்டர் எப்போது முகர்ந்தான் என்று கேட்டார். மதியம் என்றார் அச்சிமுகம்மது. டாக்டர் அவரைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை. பொழுது படுமுன் வேலப்போடி முடிந்துபோனான்.

மறுநாள் அடக்கம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகும் அச்சிமுகம்மது வேலப்போடி வீட்டு வேலி ஓரத்தில் நின்றார். சின்னப்பிள்ளை வந்து அவருக்கு எதிரே குந்தினாள். அழுது முடிந்த முகம்.

“கதைச்சுக்கொண்டுதானே வந்தாரு காக்கா. சிரிச்சாரு. வைக்கல் உதறினாரு. பிறகு எப்படி?”

அச்சிமுகம்மது சொன்னார். அந்த வாயு நெஞ்சுக்குள் இருக்கிற ஈரத்தில் பட்டு அமிலமாகும். உடனே தெரியாது. உள்ளே மெல்ல மெல்லப் புண்ணாகித் தண்ணீர் ஊறும். வேலை செய்தால் வேகமாக ஊறும். வெளியே இருந்து பார்ப்பவனுக்கு அது தெரியாது, அவனுக்கே தெரியாது. இவ்வளவு எளிதாக அதை எழுதியிருக்கலாம் என்று சொல்லச் சொல்லத்தான் அவருக்கு உறைத்தது.

“நேர ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தா?”

“பிழைச்சிருக்கலாம்.”

“அவருக்குத் தெரியாதா இது?”

“பலகையில இருந்திச்சி.”

“அப்ப ஏன் வந்தாரு?”

அச்சிமுகம்மது தரையைப் பார்த்தார். “நான் அதச் சிரிக்கிற மாதிரி எழுதிப்போட்டன், புள்ள.”

திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டியிருந்தால் கொஞ்சம் நிற்க இடம் கிடைத்திருக்கும். அவள் மேற்கே மூட்டமாகி வந்த வானத்தைப் பார்த்துவிட்டு எழுந்தாள்.

“பாதிச் சூடு அடிக்காமக் கிடக்கு. நனைஞ்சா முளைச்சிப்போகும்,” என்று சொல்லிக்கொண்டே களவெட்டிப் பக்கம் நடந்தாள்.

அச்சிமுகம்மது சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் போனார். மழை தொடங்கும்வரை இருவரும் கதிர்க்கட்டுகளை நனையாத இடத்துக்குச் சுமந்தார்கள்.