அக்கா சேர்த்த பத்தி

ஆய்வுக்கூட வேலைக்கு அனுப்ப வேண்டிய மின்னஞ்சலைத் தங்கை கடைசியாக ஒருமுறை படித்தாள். முதல் பத்தியில் ‘ஆர்கனைஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லை பிரிட்டிஷ் முறைப்படி எஸ் போட்டு எழுதியிருந்தாள். மூன்றாம் பத்தியில் அதே சொல்லில் இஸட் இருந்தது. ‘கலர்’ என்பதில் யு-வைக் காணோம்.

அவள் அப்படி எழுதுகிறவள் இல்லை. அமெரிக்கக் கம்பெனியில் வேலை பார்க்கும் அக்காதான் அப்படி எழுதுவாள்.

கல்லூரி அறிவியல் கண்காட்சியைத் தங்கை தனியாளாக நடத்தியதும், தண்ணீரின் நிறம் மாறுவதை வைத்து மாசைக் கண்டுபிடிக்கும் சோதனையை அவளே அமைத்ததும் அந்தப் பத்தியில் இருந்தன. படிக்கப் படிக்க முகம் சூடானது.

“அக்கா, என் மெயில்ல கை வச்சியா?”

அக்கா திருதிருவென்று விழித்தாள். “எப்படிடி கண்டுபிடிச்ச?”

“பாதி பிரிட்டிஷ், பாதி அமெரிக்கா. ரெண்டு பேர் எழுதினதுன்னு பார்த்த உடனே தெரியுது.”

“சரி, அழிச்சிடு. ஆனா அதுல ஒரு வரிகூடப் பொய் இல்ல. உன்னைப் பத்திச் சொல்லணும்னா மட்டும் உனக்கு வாய் பூட்டிக்குது. வேலை குடுக்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்?”

அழிப்பதற்காகப் போன தங்கையின் விரல் நின்றது. அவள் இஸட்டை எடுத்துவிட்டு எஸ் போட்டாள். ‘கலர்’ யு-வோடு சேர்ந்தது. மின்னஞ்சல் முழுவதும் இப்போது ஒரே ஆள் எழுதியது போலிருந்தது.

“என்னடி பண்ற?”

“நானே சொன்னதா இருக்கட்டும்க்கா,” என்றாள் தங்கை, திரும்பிப் பார்க்காமல். பிறகு அனுப்பிவிட்டாள்.