கூடுதலாய் வந்த பணம்

ராக்கம்மா விடியற்காலையில் கண்ணை மூடினாள். தோட்டத்துச் சங்கத்தின் மரணச் சகாய நிதிக்குப் பொருளாளர் தர்மராஜ். சவப்பெட்டிக்கும் வண்டிக்கும் பணம் எடுக்கச் சங்கத்து லேப்டாப்பைத் திறந்தவரின் கண்ணில் அந்த மின்னஞ்சல் பட்டது. வைரஸ் தடுப்புச் சந்தா புதுப்பிக்கப்பட்டதாம். இன்றே 1,899 ரிங்கிட் கணக்கிலிருந்து பிடிப்பார்களாம். வேண்டாமென்றால் இந்த எண்ணுக்கு அழைக்க வேண்டுமாம்.

பழைய செயலாளர் வாங்கி வைத்திருப்பார் என்று நினைத்தார். சாவு வீட்டுப் பணத்தில் கை வைக்கிறார்களே என்ற பதற்றத்தில் அழைத்துவிட்டார்.

மறுமுனையில் ஒரு பெண், தேனாகப் பேசினாள். பணத்தைத் திருப்பித் தர ஒரு செயலியை இறக்கச் சொன்னாள். சங்கத்து வங்கிக் கணக்கைத் திரையில் திறக்கச் சொன்னாள். திரை கொஞ்ச நேரம் கறுத்துப் போனது. வெளுத்தபோது நடப்புக் கணக்கில் 18,990 ரிங்கிட் ஏறியிருந்தது.

"பாக்சிக், ஒரு பூஜ்யம் கூடிப்போச்சு. என் வேலை போயிடும்," என்று மாமா முறை வைத்து மலாயில் அழுதாள்.

பிறத்தியார் காசில் ஒரு சென் தொட்டவரில்லை தர்மராஜ். கூடுதலாக வந்ததை அவள் சொன்ன கணக்குக்கு அனுப்பி, கைப்பேசியில் தானே ஒப்புதலும் அழுத்தினார்.

செனாவாங் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்து வந்த மகள் மாதவி திரையைப் பார்த்துவிட்டு, முதலில் வைஃபையை அணைத்தாள்.

"அப்பா, இது அவங்க போட்ட காசு இல்லப்பா. அந்தச் செயலி வழியா உள்ள புகுந்து, நம்ம சேமிப்புக் கணக்குலருந்து நடப்புக் கணக்குக்கு மாத்திக் காட்டியிருக்காங்க. நீங்க சங்கத்துக் காசத்தான் அனுப்பியிருக்கீங்க."



அவளே வங்கிக்கும், மோசடிப் புகார் எண் 997க்கும் அழைத்துக் கொடுத்தாள். கணக்கை முடக்கினார்கள். போன பணத்தை மறிக்கப் பார்க்கிறோம், போலீஸ் ரிப்போர்ட் போடுங்கள் என்றார்கள். வாக்குறுதி எதுவும் தரவில்லை.

"முடக்கிட்டாங்கன்னா இன்னிக்கு எடுக்க முடியாதா?"

"முடியாதுப்பா."

"நீ ரிப்போர்ட்டுக்கு வேண்டியத எடுத்து வை. நா சாவு வீட்டுக்குப் போய்ட்டு வந்துடுறேன்."

"நா வேணா சொல்லட்டுமா?"

"கணக்குல கையெழுத்து என்னுது லா."

சாவு வீட்டு வாசலில் லோரியில் பெட்டி வந்து நின்றது. பணம் வராமல் இறக்கவில்லை. ராக்கம்மாவின் மகன் சசிதரனிடம், சுற்றி நின்றவர்கள் காதிலும் விழும்படி, நடந்ததை மறைக்காமல் சொன்னார் தர்மராஜ்.

"படிச்சுப் படிச்சுச் சொல்றாங்களே டிவியில," என்றாள் ஒருத்தி. "இவரு எங்க கொண்டு போட்டாரோ," என்றான் இன்னொருவன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

சசிதரன் தரையைப் பார்த்தபடியே கேட்டான். "பெட்டிக்காரன் வாசல்ல நிக்கிறான் மாமா. அவன்கிட்ட நா என்ன சொல்ல?"

தர்மராஜ் பெட்டிக்காரரிடம் போனார். தன் மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். "பணம் குடுத்துட்டு எடுத்துக்கிறேன். இப்ப இறக்குங்க."

பெட்டிக்காரர் சாவியையும் பார்த்தார், அவரையும் பார்த்தார். பின்கதவைத் திறந்தார்.

பெட்டியின் ஒரு முனையைப் பிடிக்கத் தர்மராஜ் குனிந்தார். பக்கத்தில் நின்றவன் நகரவில்லை. எதிர் முனையில் இருந்த சசிதரன்தான், "அவருக்கு எடம் விடு," என்றான், முகத்தைப் பார்க்காமலே.