உப்பு ஏறிய கல்

ஆய்வுச் சுருக்கம் என்றால் இருநூற்றைம்பது சொல். மாநாட்டுக்காரர் வைத்த சட்டம் அது. அதற்கு மேல் ஒரு சொல் போனாலும் கணினி ஏற்காதாம். நெடுந்தீவில் மண்கல் வீடு கட்டும் திட்டத்துக்கு நான்தான் களப் பொறுப்பாளர். இவ்வளவு பெரிய சங்கதியை அந்தப் பெட்டிக்குள் அடைக்கச் சொன்னவன்மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

அடைக்க வேண்டியவள் நிலாந்தினி. புளியங்கூடல்காரி, பல்கலைக்கழகத்தில் கட்டடப் பொறியியல் படிப்பிக்கிறாள். தீவு மண்ணோடு மணலும் கொஞ்சம் சீமெந்தும் கலந்து, மெசினில் அமுக்கி, சூளை இல்லாமலே கல் செய்யலாம் என்று காட்டியவள். சீமெந்துக் கல்லைப் படகேற்றும் செலவு மிச்சம். முதலில் பத்து வீடு எழும்பியது. நல்லாய் வந்தால் இன்னும் நாற்பது என்று காசு கொடுத்த வெளிநாட்டு நிறுவனம் சொல்லியிருந்தது.

அந்த நாற்பதில் முதல் பெயர் மதலேனாக்காவுடையது. புயலில் வீடு போன பிறகு, அவளும் புருசன் சூசைப்பிள்ளை அண்ணையும் இரண்டு பெண்பிள்ளைகளும் தகரக் கொட்டிலில்தான். வெயில் நேரத்தில் அதற்குள் வைத்த சோறு ஆறாது. அனுமதி வரட்டும் என்று காத்திராமல், அவள் தன் பங்குக் கல்லைத் தானே அமுக்கி அடுக்கி, ஈரச்சாக்கால் மூடித் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

மாரி முடிந்து சுவர்கள் காயத் தொடங்கியபோதுதான் வினை பிடித்தது. நான்கு வீடுகளில் அடி வரிசைக் கற்கள் வெள்ளையாய்ப் பூத்தன. விரலால் தேய்த்தால் மாவாக உதிர்ந்தன. நிலாந்தினி வந்து குந்தியிருந்து பார்த்தாள். சில கற்களைக் கொண்டுபோய், ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து நசுக்கினாள். காய்ந்த கல் தாங்கிய பாரத்தில் மூன்றில் ஒரு பங்கைக்கூட ஊறிய கல் தாங்கவில்லை.

"கிணத்துத் தண்ணி உவர், சுபேசண்ணை. அதிலதான் குழைச்சிருக்கு," என்றாள். "அத்திவாரத்துக்கு மேல ஈரம் ஏறாமல் தாரும் பூசேல்லை. ஈரம் ஏறிக் காயேக்க உப்பு உள்ளுக்க கட்டிபட்டுக் கல்லை உடைக்குது."

"அப்ப திருத்தலாம்தானே, மிஸ்?"

"ஓம். மழைத்தண்ணி பிடிச்சுக் குழைக்கோணும், அத்திவாரத்தை உயர்த்தித் தார் பூசோணும். ஆனா இன்னும் ஒரு மாரி பாக்காமல் அது சரிவரும் எண்டு எழுத ஏலாது."

சுருக்கம் அனுப்பக் கடைசி நாள். எங்கள் திட்டக் கந்தோரில் கணினிக்கு முன்னால் இருந்து எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"உப்புக் கதையைக் கட்டுரைக்குள்ள வையுங்கோ மிஸ். சுருக்கத்தில வேண்டாம்."

"மறைச்சா, நாப்பது வீட்டையும் இதே மாதிரிக் கட்டுவினம். பிறகு ஆரோ ஒரு பிள்ளையின்ர தலையில சுவர் விழும்."

மண், கலவை, செலவு, ஊறிய கல்லின் பலம், உப்பு எல்லாம் எழுதி முடிய, திருத்தும் வழிக்கு இடமில்லை. 'தீர்வுகள் கட்டுரையில் ஆராயப்படும்' என்று ஒரு வரி போட்டாள். வாய்மையான சுருக்கம்தான். நானும் வாசித்துத் தலையாட்டினேன்.

மாநாடு ஏற்றுக்கொண்டது. நிறுவனத்துக்கு அவள் சுருக்கத்தையும் முழுக் கட்டுரையையும் சேர்த்தே அனுப்பினாள். கட்டுரையைத் திறந்து பார்க்க அங்கே ஒருவருக்கும் நேரம் கிடைக்கவில்லை. உவர்ச் சூழலுக்கு இந்தக் கல் ஒத்துவராது என்று முடிவெடுத்து, நாற்பது வீட்டையும் நிறுத்தி, மெசினை வேறு மாவட்டத்துக்கு அனுப்பச் சொன்னார்கள். இருக்கிற பத்து வீட்டைத் திருத்தவும் ஒரு சதம் தரவில்லை. படித்த மனிதர்கள், மூன்று பக்கம் புரட்டினால் கை தேய்ந்தா போகும்?

மெசினைப் படகில் ஏற்றிய அன்று நிலாந்தினி தானே வந்தாள். வேறு ஆளென்றால் தொலைபேசியில் சொல்லியிருக்கும். இறங்குதுறையில் கூடிய சனத்துக்கு நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். ஒரு சிலர் ஏசினார்கள். ஒரு சிலர் திரும்பிப் போனார்கள். மதலேனாக்கா மட்டும் கிட்ட வந்தாள். கைகளில் சீமெந்து தின்ற புண் இன்னும் ஆறியிருக்கவில்லை.

"பிள்ளை, நீர் பொய் எழுதேல்லை எண்டு சுபேசன் சொன்னவன்."

"ஓம் அக்கா. அந்தச் சுவர் பிள்ளையளுக்கு ஆபத்து. அதைத்தான் எழுதினனான்."

"சரி. இந்தத் தகரத்துக்குள்ள என்ர பிள்ளையள் கிடந்து அவியுதுகள். போன மாரி முழுக்க முழங்கால் தண்ணிக்குள்ள நிண்டதுகள். அது ஆபத்தெண்டு ஒரு வரி எழுதினனீரே?"

நிலாந்தினியின் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

"இல்லை அக்கா. நாங்கள் கட்டின வீடுகளைப் பற்றித்தான் எழுதினனான்."

"எங்களுக்கு வீடே இல்லையே, பிள்ளை," என்றாள் மதலேனாக்கா.