குடும்பச் சூழ்நிலை காரணமாக

புதுச்சத்திரத்துக்குப் பக்கத்திலுள்ள கோழித்தீவன மில்லில் மலர்விழிக்கு ஆபீஸ் வேலை. வருகைப் பதிவு, லீவுக் கணக்கு, ஆள் எடுப்பது, ஆள் போனால் காகிதம் தயார் செய்வது எல்லாம் அவள் மேசையில்தான். எட்டு வருடமாக அதே நாற்காலி. போகிற ஆட்கள் முதலில் அவளிடம்தான் வந்து நிற்பார்கள். என்ன எழுதுவதென்று தெரியாமல் விழிப்பார்கள். அவளும் சொல்லிக் கொடுப்பாள்.

ஜூன் இரண்டாம் தேதி காலையில் தெய்வநாயகி வந்தாள். லேப் இன்சார்ஜ். லாரியில் வரும் மக்காச்சோளத்தின் ஈரப்பதத்தையும் பூஞ்சையையும் பார்த்து, இறக்கலாமா கூடாதா என்று சொல்கிற வேலை. நாற்பத்தியொரு வயது, ஒன்பது வருட அனுபவம். மலர்விழியைவிட மூத்தவள் என்பதால் அக்கா என்றே கூப்பிட்டுப் பழக்கம். அன்றைக்கு நின்றபடியே நான்கு பக்கம் எழுதிய தாளை மேசையில் வைத்தாள்.

மலர்விழி படித்தாள். எல்லாம் பிளான்ட் மேனேஜர் ஜெயபிரகாஷைப் பற்றி. இரண்டு வருடத்துக்கு முன் கோயமுத்தூரிலிருந்து வந்தவர். அவர் வந்த பிறகு உற்பத்தி ஏறியது உண்மை. ஆட்கள் ஒவ்வொருவராகக் கழன்றதும் உண்மை. நான்கு பக்கத்தில் கொடுமைக்காரன், மனிதத்தன்மை இல்லாதவன் என்பது போல எத்தனையோ வார்த்தைகள். ஒரு வாரமாகத் தூங்காமல் எழுதிய எழுத்து அது. நடுவில் இரண்டு இடத்தில் பேனா தாளைக் கிழித்திருந்தது.

நடந்தது மலர்விழிக்கும் தெரியும். எடைமேடையில் நாலு லாரி டிரைவர்கள் முன்னால், ஒரு லோடை நிறுத்திவைத்ததற்காக, எந்தக் கொட்டாயில் படித்துவிட்டு வந்தாய் என்று தெய்வநாயகியைக் கேட்டிருந்தார் ஜெயபிரகாஷ். பிறகு, பையனைச் சேலத்துக் கல்லூரியில் சேர்க்கக் கேட்டிருந்த லீவை, முதல் நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு வாட்ஸப்பில் ரத்து செய்தார். பையன் சித்தப்பாவோடு போய்க் கல்லூரியில் சேர்ந்தான். தெய்வநாயகிக்கு அதுதான் ஆறவில்லை.

தாளை மடித்துத் திரும்பக் கொடுத்த மலர்விழி, இதை உள்ளே கொடுத்தால் முதலில் கையில் வாங்குகிறவரே மேனேஜர்தான் என்று சொன்னாள். ஃபைலில் போய்விட்டால் காலத்துக்கும் இருக்கும். அடுத்த கம்பெனிக்காரன் போன் போட்டு விசாரித்தால், சண்டை போட்டுவிட்டுப் போன ஆள் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். கொடுமைக்காரன் என்று எழுதினால் அது உங்கள் அபிப்பிராயம், அவர் இல்லை என்பார், அதோடு போச்சு. புகார் சொல்வதானால் தனியாகச் சொல்லலாம், விலகல் கடிதம் அதற்கான இடமில்லை. விலகுகிறேன், இந்தத் தேதியிலிருந்து, இவ்வளவு நாள் நோட்டீஸ் என்பது போதும். கடைசியில், எப்போதும் எல்லோருக்கும் சொல்வதையே சொன்னாள்.

"காரணம்னு ஒண்ணு கேப்பாங்கக்கா. குடும்பச் சூழ்நிலை காரணமாகன்னு போட்டுருங்க. எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க."

தெய்வநாயகி சட்டென்று நிமிர்ந்தாள்.

"எங்குடும்பத்துக்கு என்ன வந்துச்சு மலரு? எங்க ஊட்டுக்காரரு நல்லாத்தான் இருக்கறாரு. பசங்க நல்லாத்தான் இருக்கறாங்க. அவரு பண்ணுனதுக்கு நான் எங்குடும்பத்து மேல பழியப் போட்டு எழுதோணுமா?"

மலர்விழி இதை ஒருநாளும் அப்படி யோசித்ததில்லை. அது வெறும் வார்த்தை, யாருக்கும் நோகாத வார்த்தை என்றே நினைத்திருந்தாள். அப்படியானால் காரணமே எழுத வேண்டாம், எழுதித்தான் ஆக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை என்றாள். வேலை உத்தரவை எடுத்துப் பார்த்தார்கள். முப்பது நாள் நோட்டீஸ் என்றுதான் இருந்தது, காரணத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.

இருவரும் சேர்ந்து எழுதினார்கள். முதலாளி பாலசுந்தரத்துக்கு ஆங்கிலம் ஓடாது, அதனால் மில்லில் கடிதமெல்லாம் தமிழில்தான்.

"லேப் இன்சார்ஜ் பணியிலிருந்து விலகுவதென முடிவு செய்துள்ளேன். வேலை உத்தரவின்படி இன்று, ஜூன் 2 முதல், முப்பது நாள் நோட்டீஸ் அளிக்கிறேன். என் கடைசி வேலை நாள் ஜூலை 1. அதற்குள் சோதனைப் பதிவேடுகளையும் கருவிகளையும் நிர்வாகம் சொல்லும் நபரிடம் ஒப்படைக்கிறேன். விடுவிப்புக் கடிதமும் அனுபவச் சான்றும் வழங்கக் கேட்டுக்கொள்கிறேன்."

நன்றி வரி போடலாமா என்று மலர்விழி கேட்டாள். தெய்வநாயகி கொஞ்சம் யோசித்தாள். பிறகு, இங்கேதான் வேலை கற்றேன், அது பொய்யில்லை என்று சொல்லி, "இந்த ஒன்பது ஆண்டுகளில் கற்றுக்கொண்டதற்கு நன்றி" என்று தானே சேர்த்தாள். நான்கு பக்கம் பத்து வரியாகிவிட்டது. படித்துப் பார்த்தவள், தனக்கு நடந்தது ஒன்றுமே இதில் இல்லையே என்றாள். பொய்யும் இல்லை என்று மட்டும் மலர்விழி சொன்னாள்.

மதியத்துக்கு முன்பே ஜெயபிரகாஷ் கடிதத்தோடு மலர்விழியைக் கூப்பிட்டார். சத்தம் போடவில்லை, அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது. காரணம் எங்கே என்று கேட்டார். எழுதவில்லை சார் என்றாள். காரணம் இல்லாத கடிதத்தை வாங்க முடியாது, குடும்பச் சூழ்நிலை என்று எழுதிக் கொண்டுவரச் சொல், பிறகு கையெழுத்துப் போடுகிறேன் என்றார். வேலை உத்தரவில் அப்படி இல்லையே என்று சொல்ல வாய் வரை வந்தது. அவள் லீவுக்கும் கையெழுத்துப் போடுகிறவர் அவர்தான். தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தாள்.

தெய்வநாயகி மாற்றி எழுதவில்லை. வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்தும் கிடைக்கவில்லை. அதனால் அன்றைக்கே அதே கடிதத்தைக் கம்பெனி ஈமெயிலுக்கு முதலாளி பேருக்கே அனுப்பினாள். போஸ்ட் ஆபீஸ் போய் ஸ்பீடு போஸ்டிலும் போட்டு ரசீதைப் பத்திரப்படுத்தினாள். அனுப்பிய தேதி கையில் இருந்தால் நோட்டீஸ் நாளை யாரும் மாற்ற முடியாது என்று மலர்விழிதான் மெல்லிய குரலில் சொல்லியிருந்தாள்.

மூன்றாம் நாள் முதலாளி வந்தார். மில்லுக்கு வாரத்தில் ஒரு நாள்தான் வருவார். மலர்விழியைக் கூப்பிட்டு, இரண்டு வருடத்தில் விலகியவர்களின் ஃபைலை எடுத்துவரச் சொன்னார். ஏழு கடிதம். மேசையில் வரிசையாக வைத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"எல்லாரும் குடும்பம்னே எழுதியிருக்கறாங்க அம்மிணி. இந்தம்மா மட்டும் ஒண்ணும் எழுதலியே. வேற எதாச்சும் இருக்குதா?"

ஏழு பேரின் கையெழுத்து ஏழு விதம். வாக்கியம் மட்டும் ஒன்று. மலர்விழிக்கு அது தன் வாயிலிருந்து வந்த வாக்கியம் என்பது அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொருவரையும் பத்திரமாக வெளியே அனுப்பியதாக நினைத்திருந்தாள். அனுப்பியது அனுப்பியதுதான். ஆனால் ஏழும் சேர்ந்து ஜெயபிரகாஷைச் சுற்றி ஒரு சுவராக எழும்பி நின்றிருந்தது.

"அந்த வார்த்தை நான் சொல்லிக் குடுத்ததுங்கய்யா," என்றாள்.

முதலாளி கண்ணாடிக்கு மேலே பார்த்தார். அப்படியானால் உண்மைக் காரணம் என்ன என்று கேட்டார். யாரையும் குறை சொல்ல அவளால் முடியாது, சொல்லிவிட்டு அங்கே வேலை பார்க்கவும் முடியாது. எண்ணிச் சொல்லக்கூடியதை மட்டும் சொன்னாள். இந்த இரண்டு வருடத்தில் லேபிலும் ஷிப்டிலும் ஏழு பேர் போயிருக்கிறார்கள், இதோடு எட்டு. அதற்கு முந்தைய ஐந்து வருடத்தில் இரண்டு பேர். மற்றதைத் தெய்வநாயகி அக்காவிடமே கேளுங்கள் என்றாள்.

தெய்வநாயகியை வரச்சொன்னார். அவளும் நான்கு பக்கத்தைக் கையில் எடுக்கவில்லை. மே பத்தொன்பதாம் தேதி எடைமேடையில் இன்ன வார்த்தை சொல்லப்பட்டது, நான்கு டிரைவர்கள் இருந்தார்கள். மே இருபத்தாறாம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்கு, இரண்டு வாரத்துக்கு முன்பே கொடுத்திருந்த லீவு ரத்தானது, மெசேஜ் இருக்கிறது. நாலு மாதத்தில் பதினொரு முறை ஞாயிறு ஷிப்ட் முதல் நாள்தான் சொல்லப்பட்டது. அவர் எப்படிப்பட்டவர் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பாலசுந்தரம் முழுவதையும் கேட்டார். நல்ல மனிதர்தான். வேறு செக்‌ஷனுக்கு மாற்றித் தருகிறேன், இரு என்றார். அந்த செக்‌ஷனும் மேனேஜர் கையில்தானே இருக்கிறது என்றாள் அவள்.

"அவரு வந்து மில்லு நிமுந்துச்சு சாமி. நான் என்ன பண்ணட்டும் சொல்லு," என்றார் கடைசியில். அது அவளிடம் கேட்ட கேள்வி போலவே இருந்தது. பிறகு, பார்க்கிறேன் என்று எழுந்துகொண்டார்.

அதற்கப்புறம் எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை. ஒன்றிரண்டு வாரம் ஜெயபிரகாஷ் குரல் கொஞ்சம் தணிந்திருந்தது. பிறகு பழையபடி ஆனது. தெய்வநாயகி நோட்டீஸ் நாள் முழுக்க வந்தாள். பதிவேடுகளை ஒவ்வொன்றாக ஒப்படைத்துப் பட்டியலில் கையெழுத்து வாங்கினாள். ஜூலை ஒன்றோடு நின்றுகொண்டாள். மோகனூர் ரோட்டிலுள்ள ஒரு கோழிக்குஞ்சுப் பண்ணையில் லேப் வேலை கிடைத்திருந்தது. விடுவிப்புக் கடிதம் கொண்டுவந்தால்தான் சேர்த்துக்கொள்வோம் என்றார்கள்.

கடிதம் வரவில்லை. மேனேஜர் அடிக்கச் சொல்லட்டும் என்று மலர்விழி காத்திருந்தாள். தெய்வநாயகி மலர்விழிக்கு மூன்று முறை போன் செய்தாள். இரண்டு வாரம் கழித்து, திங்கட்கிழமைக்குள் வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்களாம் என்று சொன்னபோது அவள் குரலில் இருந்த உறுதியெல்லாம் போயிருந்தது. மலர்விழி அன்றே கடிதத்தை அடித்துக் கையெழுத்துக்கு வைத்தாள். அவரது சொந்த விருப்பத்தின் பேரில் விடுவிக்கப்படுகிறார் என்று மட்டும் அடித்திருந்தாள். அரைமணி நேரத்தில் திரும்பி வந்தது. சொந்த விருப்பம் என்பதற்கு முன்னால், "குடும்பச் சூழ்நிலை காரணமாக" என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார் ஜெயபிரகாஷ்.

மலர்விழி உள்ளே போய், தெய்வநாயகி அக்கா கடிதத்தில் அப்படி இல்லையே சார் என்றாள். இப்படி அடித்தால் இன்றைக்கே கையெழுத்து, இல்லையென்றால் முதலாளி அடுத்த வாரம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார், கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல். அடுத்த வாரத்துக்குள் திங்கட்கிழமை போய்விடும். முதலாளிக்குப் போன் போட்டாள். எடுத்தவர் மகன். அப்பா செக்கப்புக்கு ஆஸ்பத்திரி போயிருக்கிறார், மேனேஜர் சொல்கிறபடி செய்யுங்கள் என்றார்.

மேசையில் உட்கார்ந்து அடித்தாள். விரல்களுக்குப் பழகிய மூன்று சொல்தான். அவற்றை அடிக்க வெகுநேரம் பிடித்தது.

சாயங்காலம் தெய்வநாயகி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். கடிதத்தை நின்றபடியே படித்தாள். ஒரு வரியில் கண் நின்றது. மலர்விழி தலையைக் குனிந்துகொண்டாள்.

"நானே அடிச்சேங்கக்கா. எனக்கு வேற வழி தெரியல."

"தெரியும் மலரு," என்றாள் அவள். கோபம் இல்லை. கோபித்துக்கொள்ளக்கூட அவளிடம் தெம்பு இருந்ததாகத் தெரியவில்லை. வாங்காமல் போகலாமா என்று ஒரு கணம் வாசலைப் பார்த்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, ஆபீஸ் பிரதியில் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டாள்.

மலர்விழி இடத்தைக் காட்டினாள். தெய்வநாயகி கையெழுத்துப் போட்டுத் தேதி எழுதினாள். அதற்குக் கீழே நிதானமாக இன்னொரு வரி எழுதினாள். "பெற்றுக்கொண்டேன். ஜூன் 2 தேதியிட்ட என் விலகல் கடிதத்தில் காரணம் எதுவும் குறிப்பிடப்படவில்லை." அவ்வளவுதான். பிரதியை நீட்டிவிட்டு, போயிட்டு வாரேன் என்று எழுந்தாள். ஐந்தரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது.

அவள் போன பிறகு ஜெயபிரகாஷ் எட்டிப் பார்த்து, கையெழுத்து வாங்கியாயிற்றா என்று கேட்டார். வாங்கியாயிற்று சார் என்றாள். அவர் பிரதியைக் கேட்கவில்லை. லேப் இன்சார்ஜ் தேவை என்ற விளம்பரத்தை நாளைக்குள் கொடுத்துவிடச் சொல்லிவிட்டுப் போனார். மலர்விழி பிரதியை ஃபைலில் கோத்தாள். அந்த வரியை யார் எப்போது படிப்பார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. பிறகு விளம்பரத்தை அடிக்கத் தொடங்கினாள்.