பெமிலாவின் லைசென்ஸ் செலவு

தக்கலை பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த டிரைவிங் ஸ்கூலில், பெமிலா ஒரு நோட்டுத்தாளோடு உட்கார்ந்திருந்தாள். எதிரே பயிற்சியாளர் ஞானையன்.

"ஏழாயிரம். இருபது கிளாஸ், தினம் அர மணிக்கூர்" என்றார்.

"அது ஸ்கூல் பீஸ். லைசென்ஸ் கையில வருவது வரைக்கும் மொத்தம் எவ்வளவு ஆவும்? ஒண்ணையும் விடாம சொல்லுங்கோ அண்ணா."

ஞானையன் அவளை ஏறிட்டுப் பார்த்தார். "எல்.எல்.ஆர்., லைசென்ஸ், ரெண்டுக்கும் அரசாங்கக் கட்டணம் ஆயிரம் வச்சுக்கிடுங்கோ. ஒங்களுக்கு நாப்பது தாண்டியாச்சா? அப்போ டாக்டர் சர்டிபிகேட்டு வேணும், முந்நூறு. டெஸ்ட்ல தோத்தா திரும்பக் கட்டணும், எங்க கார இன்னொருக்கா கிரவுண்டுக்குக் கொண்டு வரணும். அதுக்கு எண்ணூறு."

"வீட்டுல பழைய ஆம்னி வேன் இருக்கு, அதுல ஓட்டிப் படிக்கலாமா?"

"எல் போர்டு ஒட்டணும். பக்கத்துல லைசென்ஸ் உள்ள ஆளு இருக்கணும். ஞாயித்துக்கிழமை முப்பது கிலோமீட்டர் வச்சு ஏழு வாரம் ஓட்டினா, பழைய ஆம்னிக்கு பெட்ரோல் ஆயிரத்து எண்ணூறு வரும். எல்.எல்.ஆர். எடுத்து முப்பது நாள் கழியாம டெஸ்ட் கிடையாது, அதையும் பாத்துக்கிடுங்கோ."

கூட்டினாள். பத்தாயிரத்துத் தொள்ளாயிரம். ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்தில் உட்கார லைசென்ஸ் உள்ள தம்பி ஷிபு வருவான், அன்று மட்டும்தான் அவனுக்கு லீவு, காசு கேட்க மாட்டான்.

கணக்கு அவ்வளவில் முடிந்திருக்க வேண்டும். ஆனால் அந்த ஏழு வாரம் ஆம்னியை யார் ஓட்டுவது? அவர்களுடைய பேக்கரியின் ரஸ்க்கும் பன்னும் வாரத்துக்கு மூன்று நாள் நாகர்கோவில் கடைகளுக்குப் போயாக வேண்டும். வாடகை டிரைவருக்கு நாளைக்குத் தொள்ளாயிரம். ஏழு வாரத்துக்குப் பதினெட்டாயிரத்துத் தொள்ளாயிரம். எழுதினாள். எழுதிய உடனே அடித்துவிட்டாள். டிரைவிங் ஸ்கூல் செலவைவிடப் பெரிய தொகையைக் கணவர் செல்வதாஸிடம் காட்ட அவளுக்குத் துணிவு வரவில்லை.

செல்வதாஸுக்கு இரண்டு மாதத்துக்கு முன் வீட்டு முற்றத்தில் வலிப்பு வந்தது. ஒரு வருஷம் வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் ஓட்டிக்கொண்டுதான் இருந்தார். பெமிலா ஒவ்வொரு முறையும் கூடவே ஏறிக்கொண்டாள்.

தாளைப் பார்த்துவிட்டுச் செல்வதாஸ் சொன்னார்: "பதினோராயிரமா? சரி, நீ படிச்சுக்கோ. அதுவரைக்கும் நான் ஓட்டுகேன். ரெண்டு மாசமா ஒண்ணும் வரலியே."

அவள் தாளை மடித்துப் பையில் வைத்தாள்.

வியாழக்கிழமை காலை வில்லுக்குறி தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். பின்னால் ரஸ்க் பெட்டிகள் உரசிக் கிறீச்சிட்டன. பெமிலாவின் வலது கை, வழக்கம்போல, ஹேண்ட் பிரேக்கின் பக்கத்தில் இருந்தது.

"அந்தக் கடையில பழைய பாக்கி கேட்டியளா?"

பதில் இல்லை.

"ஏங்க?"

செல்வதாஸ் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் கண்ணில் எதுவும் இல்லை. வாய் மட்டும் எதையோ மெல்வதுபோல அசைந்தது. வண்டி மெல்ல வலப்பக்கமாக நகர்ந்தது. எதிரே நாகர்கோவிலிலிருந்து வரும் பேருந்து ஹாரனை விடாமல் அழுத்தியது.

பெமிலா ஸ்டியரிங்கைப் பிடித்து இடப்பக்கம் இழுத்தாள். பேருந்தின் காற்று ஆம்னியை அறைந்துவிட்டுப் போனது. அவருடைய கால் ஆக்சிலரேட்டரிலிருந்து நழுவியிருந்தது, அதுதான் பிழைக்க வைத்தது. ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் தூக்கினாள். வண்டி கால்வாய்க் கரையின் புல்லில் ஏறி, உதறி நின்றது. சாவியைத் திருப்பி உருவினாள்.

ஒரு நிமிஷம் போயிருக்கும். செல்வதாஸுக்கு நினைவு திரும்பியது. "ஏன் நிறுத்தின?"

அவள் முன்பக்கம் கை காட்டினாள். முன் சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளிக் கால்வாய் தண்ணீர் ஓடுவதை அவரே பார்த்தார். பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

பெமிலா பையிலிருந்து தாளை எடுத்து, அடித்த வரியை மறுபடியும் எழுதினாள். "டிரைவர் கூலி பதினெட்டாயிரத்துத் தொள்ளாயிரம். மொத்தம் இருபத்தொம்பதாயிரத்து எண்ணூறு. இதுதான் செலவு. நான் முந்தியே சொல்லியிருக்கணும்."

"அவ்வளவு பணத்துக்கு எங்க போவ?"

"எனக்க வளையல் ரெண்டும் இருக்கு."

அவர் அவள் கையிலிருந்த வளையல்களைப் பார்த்தார். பிறகு, "எனக்குப் பயமா இருக்குட்டி" என்றார். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவர் அப்படிச் சொல்லி அவள் கேட்டதில்லை.

ஷிபு வேலையிலிருந்து வந்து வண்டியை எடுத்தான். அன்றே வளையல் அடகுக்குப் போனது. வலிப்புக்கு மாத்திரையை மாற்றி எழுதினார் டாக்டர். சரக்கு ஓட்டக் கோலப்பன் என்ற டிரைவர் வந்தார். முதல் டெஸ்டில் பெமிலா ரிவர்ஸில் கம்பத்தை இடித்துத் தோற்றாள். கணக்கில் வைத்திருந்த எண்ணூறு ரூபாய் போனது, இரண்டு வாரக் கூலியும் கூடுதலாகப் போனது. இரண்டாவது முறை தேறினாள்.

லைசென்ஸ் தபாலில் வந்த மறுநாள் அவள் ஆம்னியை எடுத்தாள். செல்வதாஸ் இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தார். வில்லுக்குறி நெருங்கும்போது எதிரே பேருந்து தெரிந்தது. பெமிலா ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தாள்.

"மெதுவாப் போ மக்கா, அவன் போகட்டும்" என்றார் செல்வதாஸ்.

அவள் ஓரம் ஒதுங்கினாள். பேருந்து கடந்து போனது. கியரை மாற்றி, மறுபடியும் ரோட்டில் ஏறினாள்.