வாரத்துக்கு ஒன்று

தம்பிக்கு வீட்டில் புயல் என்று பேர். மின்தூக்கி வரும்வரை நிற்கப் பொறுமை இல்லாமல் ஏழு மாடி ஏறுகிற ஆள். அந்தப் புயல்தான் இப்போது அவசரப் பிரிவுக் கட்டிலில் கிழிந்த நாராகக் கிடந்தான். சில நாட்களாகவே வாந்தி, தீராத தாகம், ஓயாமல் கழிப்பறை. இன்று காலை அலுவலகத்தில் கணினி முன் உட்கார்ந்தவன், பக்கத்து நாற்காலிக்காரரிடம், "நான் எங்க இருக்கேன்?" என்று கேட்டிருக்கிறான். செய்தி கேட்ட அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மருத்துவர் ரத்தப் பரிசோதனை முடிவோடு வந்தார்.

"கால்சியம் எக்கச்சக்கமா ஏறியிருக்கும்மா. கிட்னி திணறுது. ஏதாவது மாத்திரை சாப்பிடுறாரா?"

"பெரிசா ஒண்ணும் இல்ல டாக்டர். வைட்டமின் டி மட்டும்தான். எனக்கு எழுதிக் குடுத்ததையே நான்தான் அவனுக்கும் சொன்னேன்."

அதில் ஒரு பெருமை வேறு இருந்தது அவளுக்கு. காப்பீட்டு அலுவலகத்தில் வருஷக்கணக்காக ஏசி அறையில் வெயில் படாமல் உட்கார்ந்து, உடம்பெல்லாம் வலி என்று அவள் போனபோது ரத்தத்தில் முப்பதுக்கு மேல் இருக்க வேண்டிய வைட்டமின் டி ஒன்பதுதான் இருந்தது. மாத்திரை வாரத்துக்கு ஒன்று, எட்டு வாரம் என்று சீட்டு எழுதினார்கள். மூன்றாம் மாதம் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்து, பிறகு சின்ன அளவு. அந்தச் சீட்டைப் படம் பிடித்துத் தம்பிக்கு அனுப்பினாள். "நீயும் ஏசிலதான் உக்காந்திருக்க. ஒரே ரத்தம்தானே, தனியா எதுக்குடா டெஸ்ட்?" என்றும் சொன்னாள். சிக்கனக்காரி.

"வாரத்துக்கு ஒண்ணுதானே போட்டார்?" என்றார் மருத்துவர்.

கட்டிலில் இருந்து குழறலாகப் பதில் வந்தது. "தினம்... ஒண்ணு."

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "டேய்! எத்தனை நாளாடா?"

"ரெண்டு மாசத்துக்கு மேல. வாரத்துக்கு ஒண்ணுன்னா... எப்பக்கா சரியாகுறது?"

மருத்துவர் அக்காவின் கைபேசியில் அந்தச் சீட்டையும் அவளுடைய பழைய ரத்த முடிவையும் வாங்கிப் பார்த்தார். பிறகு அக்காவை வெளியே அழைத்துப் போனார்.

"உங்களுக்கு ஒன்பது இருந்ததாலதான் அறுபதாயிரம் யூனிட், அதுவும் வாரத்துக்கு ஒண்ணு. இருபத்தஞ்சு இருந்திருந்தா அளவு வேற. நாப்பது இருந்திருந்தா மாத்திரையே வேண்டாம். ஏசில உக்கார்ற எல்லாருக்கும் குறைவா இருக்கணும்னு இல்ல. இவருக்கு முன்னாடி எவ்வளவு இருந்துச்சுன்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது."

"சத்து மாத்திரைதானே டாக்டர், அதிகமானா வெளிய போயிடாதா?"

"போகாது. இது உடம்புக் கொழுப்புல போய்த் தங்கிடும். அதனாலதான் ஏத்துறதுக்கும் மாசக்கணக்கு, இறங்குறதுக்கும் மாசக்கணக்கு. எட்டு வாரத்து மருந்த எட்டு நாள்ல முழுங்கினா எலும்பு அவசரப்படாது, கால்சியம்தான் ஏறும். டிரிப்ஸ்ல கால்சியத்த சில நாள்ல இறக்கிடலாம். கிட்னி எவ்வளவு திரும்பி வரும்னு பார்த்துத்தான் சொல்லணும்."

நல்லது என்று நினைத்து நீட்டிய கை தன்னுடையது. யார் மேல் பழி போட? அக்கா சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

பாட்டில் பாட்டிலாக உப்புநீர் ஏறியது. அவள் நகரவில்லை. சிறுநீர் அளக்க நர்ஸ் வரும்போதெல்லாம் அவர் முகத்தையே பார்த்தாள். சில நாட்களில் கால்சியம் இறங்கத் தொடங்கியது. சிறுநீரகமும் மெல்ல மெல்ல வழிக்கு வருவதாக மருத்துவர் சொன்னார். தம்பிக்குத் தெளிவு வந்தது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"ஏண்டா, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்று அவன் தலையைத் தடவினாள்.

அவன் முகம் வெளிறியது. எழுந்து உட்காரப் பார்த்தான்.

"அக்கா... அந்தப் படத்த அப்பவே ஆபீஸ் குரூப்ல போட்டேன்."

"எதை?"

"உன் சீட்டத்தான். வாரத்துக்கு ஒண்ணுன்னா லேட்டாகும், தினம் போடுங்க, நானும் அப்படித்தான் போடுறேன்னு எழுதினேன். நிறைய பேர் நன்றி சொன்னாங்க."

அக்கா அவன் கைபேசியைப் பிடுங்கி, அவனுடைய மேலாளரை அழைத்தாள். யார் என்று சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பக்கம் பரபரப்பாகப் பேசியது.

"தம்பி எப்படி இருக்கார் மேடம்? இங்கயும் நாலு பேர் வரல. எல்லாருக்கும் ஒரே வாந்தி. கேன்டீன் சாப்பாடுதான்னு சண்டை போட்டு, நேத்து சமையல்காரரையே வேலைய விட்டு அனுப்பிட்டோம்."

"சாப்பாடு இல்லீங்க!" என்று கத்தினாள் அக்கா. வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "அந்த மாத்திரைய எல்லாரும் நிறுத்தணும். உடனே போய் ரத்தம் எடுத்துப் பார்க்கணும். அது என் ஒருத்திக்கு எழுதின சீட்டுங்க."