விழுங்காத மாத்திரை

நர்சிங் படிப்பில் சேர்ந்தபோது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. வகுப்பில் மற்ற எல்லோரும் பதினெட்டு, பத்தொன்பது. முதல் நாளே மொத்த வகுப்புக்கும் அக்கா ஆகிவிட்டாள். பாடம் நடத்தும் டியூட்டரே அவளைவிட எட்டு வயது இளையவள். இரண்டு நாள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தாள். மூன்றாம் நாள் அவளும் அக்காவுக்கு வந்துவிட்டாள்.

அக்காவின் கணவர் பஸ் ஓட்டுநர். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மதியம், ஷிஃப்ட் முடிந்து வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். வலி வந்தால் போடச் சொல்லி டாக்டர் கொடுத்திருந்த சின்ன மாத்திரை சட்டைப் பையில் இருந்தது. அக்கா அதை எடுத்து அவர் வாயில் போட்டாள். கையோடு ஒரு டம்ளர் தண்ணீரையும் நீட்டி, "முழுங்குங்க" என்றாள். ஒரு நாளும் அவள் சொன்ன பேச்சை உடனே கேட்காத மனிதர், அன்று மறுபேச்சில்லாமல் விழுங்கினார். ஆம்புலன்ஸ் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

முதலாண்டின் ஆறாவது மாதத்தில்தான் அந்தப் பாடம் வந்தது. கண்ணுக்கும் காதுக்கும் சொட்டு மருந்து விடுவது, நாக்குக்கு அடியில் மாத்திரை வைப்பது. எந்தப் பாடமானாலும் மாணவிகள் செய்யும் தப்புகளைத்தான் டியூட்டர் முதலில் எழுதிப் போடுவாள். சரியானதைப் புத்தகத்திலேயே படித்துக்கொள்ளலாம், தப்புக்குத்தான் டீச்சர் வேண்டும் என்பது அவள் கட்சி. அன்று நாக்கின் படத்தை வரைந்துவிட்டு, பக்கத்தில் முதல் வரியாக எழுதினாள்: தண்ணீர் கொடுப்பது.

நாக்கைத் தூக்கிக் கண்ணாடியில் பாருங்கள் என்றாள் டியூட்டர். அங்கே நீலமாக ஓடுகிற நரம்புகள் ரத்தக் குழாய்கள்தான். அவற்றுக்கு மேலே ஒரு மெல்லிய தோல் மட்டுமே இருக்கிறது. மாத்திரை அங்கே கரைந்தால் மருந்து நேராக ரத்தத்தில் ஏறி, ஓரிரு நிமிடத்தில் நெஞ்சுக்குப் போய்விடும். விழுங்கினால் வயிறு, குடல், ஈரல் என்று சுற்றிப் போக வேண்டும். நெஞ்சுவலிக்குக் கொடுக்கிற அந்த மாத்திரையின் பெரும் பங்கை ஈரலே உடைத்துத் தள்ளிவிடும்.

அக்காவின் பேனா 'ஈரல்' என்ற சொல்லில் நின்றது. அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் அவள் எதுவும் எழுதவில்லை.

அன்றிலிருந்து யாராவது தண்ணீர் குடித்தால் அவளால் பார்க்க முடியவில்லை. மெஸ்ஸில் எதிரே உட்கார்ந்த பெண் டம்ளரைத் தூக்கினால், இவள் தட்டைப் பார்ப்பாள். நான்தான் கொன்றேனா என்ற கேள்வியை வாய்விட்டுக் கேட்க அவளுக்கு ஆள் இல்லை. அடுத்த வாரமே வார்டில் மூன்று முறைகளையும் டியூட்டர் கண் முன்னால் செய்து காட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. மூன்றாவதற்குத் தன் கை வராது என்று அவளுக்குத் தெரியும்.

வார்டில் அவளுக்கு ஜோடியாக வந்தவளுக்குப் புல்லட் என்று பெயர். எதையும் யோசிப்பதற்கு முன்பே செய்துவிடுவதால் கிடைத்த பட்டம்.

முதல் நோயாளி ஒரு தையல்காரம்மா. கண்ணழுத்த நோய், இரண்டு வகைச் சொட்டு மருந்து. முந்தைய நாள் புல்லட் போட்டிருந்தாள். இன்றைக்குப் புதுமுகத்தைக் கண்டதும் தையல்காரம்மாவுக்குத் தைரியம் வந்துவிட்டது. "நேத்து வந்த பொண்ணு நட்டநடு முழியில விட்டுச்சும்மா. சுருக்குனு மூடிட்டேன். ரெண்டு மருந்தும் கன்னத்துலதான் ஓடுச்சு. என் கன்னத்துக்கு ஒண்ணும் வியாதியில்ல."

புல்லட் ஜன்னலுக்கு வெளியே எதையோ ஆர்வமாகப் பார்க்கத் தொடங்கினாள்.

அக்கா கை கழுவி வந்தாள். தலையைச் சாய்த்து மேலே பார்க்கச் சொன்னாள். கீழிமையை விரலால் மெல்ல இழுத்ததும், ஒரு சின்னப் பை திறந்தது, உள்ளே இளஞ்சிவப்பாக. இத்தனை வருடம் எத்தனையோ கண்களைப் பார்த்துப் பேசியிருக்கிறாள். அவற்றுக்குக் கீழே இப்படி ஒரு பை இருக்கும் என்று நினைத்ததில்லை. பாட்டில் முனை இமையிலோ இமை முடியிலோ படாமல், உயரத்தில் பிடித்து, ஒரே ஒரு சொட்டு விட்டாள். பை அதை அப்படியே வாங்கிக்கொண்டது. இறுக்காமல் மூடச் சொல்லி, மூக்கை ஒட்டிய கண் மூலையில் விரலை வைத்து அழுத்திக்கொண்டாள்.

எதற்கு அழுத்துகிறாய் என்று தையல்காரம்மா கேட்டாள். இமையின் உள்மூலையில் கண்ணீர் வடிய ஒரு ஓட்டை உண்டு, அது மூக்குக்குள் திறக்கிறது, அடைக்காவிட்டால் மருந்து அந்த வழியாக ரத்தத்தில் கலந்துவிடும், இந்த மருந்து இதயத் துடிப்பையே மெதுவாக்கக்கூடியது என்று அக்கா விளக்கினாள்.

"எம்மாம்பெரிய ஓட்டை?"

"ஊசிக்காது அளவுகூட இருக்காதும்மா."

முப்பது வருடம் ஊசியில் நூல் கோத்தவள் அவள். மூடிய கண்ணோடு, அந்த ஓட்டையை யார் போட்டது என்று மெல்லக் கேட்டாள். ஒரு சொட்டு கண்ணிலிருந்து இதயம் வரை போக வழி வைத்திருக்கிறது இந்த உடம்பு என்பதை அக்காவும் அப்போதுதான் முழுதாக உணர்ந்தாள். இரண்டு நிமிடம் அந்த மூலையில் விரல் வைத்திருந்தது ஏதோ ஒரு பெரிய கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பது போலிருந்தது. ஐந்து நிமிடம் கழித்துத்தான் இரண்டாவது மருந்தை விட்டாள். உடனே விட்டால், பின்னது முன்னதைக் கழுவிக்கொண்டு போய்விடும்.

இரண்டாவது ஆள் ஒரு கிளார்க்; காதில் சீழ். அவருடைய மருந்தையும் கண் மருந்துகளோடு சேர்த்து ஃபிரிட்ஜில் அடுக்கியிருந்தாள் புல்லட். சில்லென்று காதில் விட்டால் உலகமே சுற்றும், மனிதர் வாந்தி எடுத்துவிடுவார். அக்கா பாட்டிலை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டிக்கொண்டே நின்றாள். பெரியவர்களுக்குக் காதை மேலும் பின்னுமாக இழுக்க வேண்டும். மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குக் கீழும் பின்னுமாக. மாற்றி இழுத்தால் வழி நேராகாது. சொட்டுகளைச் சுவரோரமாக இறக்கிவிட்டு, காதின் முன்னால் இருக்கும் சின்ன மடலை அழுத்திவிட்டாள். ஐந்து நிமிடம் அதே பக்கமாகப் படுத்திருக்கச் சொன்னாள்.

"கடல் சத்தம் கேக்குது" என்றார் கிளார்க், அசையாமல்.

டியூட்டர் தாளில் இரண்டு டிக் போட்டாள். மூன்றாவது கட்டத்துக்கு வந்தபோது அக்கா, அதை நாளைக்குச் செய்யட்டுமா என்று கேட்டாள். டியூட்டர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். பதில் சொல்வதற்குள், கோடிக் கட்டிலிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.

கட்டிலில் இருந்தவர் அவள் கணவர், ஒரு பெயின்டர். ஏணி ஏறும்போது நெஞ்சுவலி வருகிறது என்று சேர்ந்தவர். இப்போது கட்டிலிலேயே வந்துவிட்டது. முகம் வெளிறி, நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. டியூட்டி நர்ஸ் ஓடிவந்து அவரைத் தலையணையில் சாய்த்து உட்காரவைத்தாள். ரத்த அழுத்தம் பார்த்துச் சரியாக இருக்கிறது என்றாள், மருந்துச் சீட்டையும் பார்த்தாள். டாக்டருக்குச் சொல்லவும் ஈசிஜி மெஷினை இழுத்து வரவும் ஆள் போனது. பழுப்புநிறக் கண்ணாடிப் பாட்டிலிலிருந்து ஒரு மாத்திரை வெளியே வந்தது. கடுகைவிடக் கொஞ்சம்தான் பெரிது. டியூட்டர் அதை அக்காவிடம் நீட்டினாள்.

"நான் பக்கத்துலயே நிக்கறேன் அக்கா. நீங்க வைங்க."

அக்கா அவர் எதிரே குனிந்தாள். நாக்கை மேலே தூக்கச் சொன்னாள். வரிசையாக நீல நரம்புகள் தெரிந்தன. மாத்திரையை அவற்றின் நடுவே வைத்து, வாயை மூடிக்கொள்ளுங்கள், மெல்லாதீர்கள், கரையும்வரை எச்சிலையும் விழுங்காதீர்கள் என்றாள். தன் குரல் நடுங்கவில்லை என்பதே அவளுக்கு ஆச்சரியம்.

அப்போது பெயின்டரின் மனைவி டம்ளரோடு வந்தாள். விளிம்புவரை தண்ணீர். கணவரின் வாயை நோக்கி நீண்டுவந்த அந்தக் கையை அக்கா பிடித்துக்கொண்டாள். தண்ணீர் தளும்பி இருவர் மணிக்கட்டிலும் வழிந்தது.

"இப்ப வேணாம்மா. இது முழுங்கற மாத்திரை இல்ல."

அந்தப் பெண் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. இருவரும் ஒரே டம்ளரைப் பிடித்தபடி அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு நிமிடம் ஆயிற்று. நாக்கடியில் சுருசுருவென்கிறது என்று அவர் கையால் காட்டினார். இன்னும் ஒரு நிமிடம். நெஞ்சில் பொத்தியிருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. கழுத்து நரம்பு இறங்கியது. உதட்டுக்கு நிறம் வந்தது. ஒரு வீட்டில் அறை அறையாக விளக்குப் போட்டுக்கொண்டு யாரோ நடப்பதுபோல், அந்த முகத்துக்குள் அவர் திரும்பி வந்தார். அக்கா இமைக்கவில்லை. இதுவா அந்த மாத்திரை? இதையா அன்று என் கையில் வைத்திருந்தேன்?

வலி நின்றது. இப்போது தலைதான் வலிக்கிறது என்றார். அது மருந்தின் வேலை, பயப்பட வேண்டாம் என்று சொல்லி, நர்ஸ் மறுபடி அழுத்தம் பார்த்தாள். டாக்டர் வந்து ஈசிஜி தாளைப் படித்துவிட்டு, பெரிதாக ஒன்றும் இல்லை என்றார்.

பெயின்டரின் மனைவி அப்போதுதான் ஞாபகம் வந்தவளாகப் பர்ஸைத் திறந்து, நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்தாள். "இதே மாத்திரைதான். அவசரத்துக்குன்னு எப்பவும் வெச்சிருப்பேன். பாட்டில்ல இருந்தா லொடலொடங்குது."

டியூட்டர் காகிதத்தைப் பிரித்துப் பார்த்தாள். பாட்டிலை விட்டு எடுத்து எத்தனை நாளாயிற்று என்று கேட்டாள். மூன்று மாதம் இருக்கும் என்றாள் அந்தப் பெண். காற்றும் சூடும் வெளிச்சமும் பட்டால் இதன் சக்தி பறந்துவிடும், காகிதத்தில் மடித்து வைத்தது இத்தனை நாளில் மருந்தாக இருக்க வாய்ப்பே குறைவு, வந்த பாட்டிலிலேயே இறுக்கி மூடி வைக்க வேண்டும் என்றாள் டியூட்டர்.

அக்கா சுவரில் கை ஊன்றினாள். கணவரின் காக்கிச் சட்டைப் பை. அதில் பழைய டிக்கெட் தாளில் மடித்த மாத்திரைகள். பாட்டில் சத்தம் போட்டால் டிரைவருக்கு நோய் என்று பாசஞ்சர் பயப்படுவான் என்பார். இன்ஜின் சூட்டிலும் வேர்வையிலும் எத்தனை மாதம் அவர் நெஞ்சோடு கிடந்ததோ.

வார்டு வாசலில் வைத்து டியூட்டரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். தண்ணீரையும் சொன்னாள், டிக்கெட் தாளையும் சொன்னாள். கேட்க வேண்டியதைக் கடைசியில் கேட்டாள். டியூட்டர் உடனே ஆறுதல் சொல்லிவிடவில்லை. 

"தெரியாதுக்கா. அந்த மாத்திரை வலியைத்தான் குறைக்கும். அவருக்கு வந்தது அடைப்புன்னா, சரியா வெச்சிருந்தாலும் அது மட்டும் போதாது. நீங்க கொன்னீங்கன்னு யாராலயும் சொல்ல முடியாது. காப்பாத்தியிருக்கலாம்னும் யாராலயும் சொல்ல முடியாது."

அக்கா தலையசைத்தாள். பொய் கலக்காத பதில். இத்தனை நாள் தனியாகத் தூக்கிக்கொண்டு திரிந்த பாரத்தின் ஒரு முனையை, டிக்கெட் தாளை மடித்தபடி கணவரும் வந்து பிடித்துக்கொண்டதுபோல் இருந்தது. அந்த மனிதர்மேல் அவளுக்குக் கோபம் வந்தது. இரண்டு வருடத்தில் முதல் முறை. அது நன்றாகக்கூட இருந்தது.

உள்ளே வந்தபோது பெயின்டரின் மனைவி அதே டம்ளரோடு காத்திருந்தாள். பாதித் தண்ணீர்தான் மிஞ்சியிருந்தது.

"இப்ப குடுக்கலாமாம்மா?"

அவர் வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்தாள் அக்கா. மாத்திரை இருந்த இடமே தெரியவில்லை.

"குடுங்க."

அவர் குடித்தார். தொண்டை ஏறி இறங்கியது, ஒரு மடக்கு, இன்னொரு மடக்கு. அக்கா டம்ளர் காலியாகும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.